ஒரு விதி ஆண்டு முழுக்க மாறாமல் இருந்ததா? ஈஆர்பி தணிக்கையில் ஆடிட்டர் தேடுவது

பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 5,000 வார்ப்புகள் வேண்டும், ஒன்று 100 ரூபாய் என்று சப்ளையருக்கு ஆர்டர் போடுகிறார்கள். சரக்கு வந்து இறங்குகிறது, ஸ்டோர்ஸில் 5,000 என்று பதிவாகிறது. பத்து நாள் கழித்து வரும் பில்லில் விலை 106 ரூபாய். கணக்குப் பிரிவில் இருப்பவர் அந்தப் பில்லை, நிறுவனத்தின் எல்லா வேலைகளையும் ஒன்றாக நடத்தும் எஸ்ஏபி என்ற ஈஆர்பி மென்பொருளில், MIRO திரையில் ஏற்றுகிறார். பில் பதிவாகிவிடும். ஆனால் அதன் மேல் R என்ற பணப்பட்டுவாடாத் தடை தானாக விழும். ஆர்டர் விலைக்கும் பில் விலைக்கும் 2 சதவீதம் வரைதான் வித்தியாசம் இருக்கலாம் என்று சிஸ்டத்தில் வரம்பு வைத்திருக்கிறார்கள். இங்கே வித்தியாசம் 6 சதவீதம். அதிகாரம் உள்ள ஒருவர் MRBR என்ற திரையில் அந்தத் தடையை எடுக்கும் வரை, F110 என்ற பணப்பட்டுவாடா ஓட்டம் அந்தப் பில்லைத் தொடாது.

ஆர்டர், சரக்கு வரவு, பில் மூன்றையும் ஒப்பிடும் இந்த வேலையைச் செய்வது மனிதர் அல்ல, சிஸ்டம். நிறுவனத்தில் ஆண்டுக்கு நாற்பதாயிரம் பில்கள் வருகின்றன என்றால் நாற்பதாயிரத்திலும் இதே ஒப்பீடு நடக்கும். அதனால்தான் ஆடிட்டர்கள் இதைச் சோதிக்கும்போது ஒரே ஒரு பில்லை எடுத்துப் பார்ப்பது வழக்கம். விலை கூடுதலான ஒரு பில் தடைபட்டதா, பார்த்தாயிற்று. ஒன்றில் வேலை செய்த நிரல் எல்லாவற்றிலும் அப்படித்தான் வேலை செய்யும். மனிதர் கையால் செய்யும் கட்டுப்பாடாக இருந்தால் இருபத்தைந்து மாதிரியாவது எடுக்க வேண்டியிருக்கும்.

ஆனால் இந்த ஒற்றைச் சோதனைக்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை அந்த நிரலையும் அந்த 2 சதவீதத்தையும் யாரும் தொடவில்லை என்று காட்ட முடிய வேண்டும். பொதுக் கணினிக் கட்டுப்பாடுகள் என்று ஆடிட் அறிக்கைகளில் வரும் பகுதி இதற்காகத்தான். நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 143(3)(i) பிரிவின்படி, விலக்கு பெற்ற சிறு தனியார் நிறுவனங்கள் தவிர மற்றவற்றில், நிதி அறிக்கை சார்ந்த உள்கட்டுப்பாடுகள் போதுமானவையா, வேலை செய்தனவா என்று ஆடிட்டர் கருத்து சொல்ல வேண்டும். சிஸ்டத்தைத் தொடக்கூடியவர்கள் யார், என்னென்ன தொட்டார்கள் என்று தெரியாமல் அந்தக் கருத்தைச் சொல்ல முடியாது.

ஐடி பிரிவில் பலர் இதைப் பாஸ்வேர்டு நீளம் எட்டா பத்தா என்று பார்க்கும் சோதனையாகவே நினைக்கிறார்கள். அப்படி நினைக்க வைத்ததில் செக்லிஸ்டோடு வந்து செக்லிஸ்டோடு போன ஆடிட்டர்களுக்கும் பங்கு உண்டு. அந்த 2 சதவீதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் எதை எதற்காகப் பார்க்கிறோம் என்பது தெளிவாகிவிடும்.

யாரிடம் சாவி இருக்கிறது

முதல் வேலை யூசர் பட்டியல். எஸ்ஏபி-யில் அது USR02 என்ற அட்டவணையில் இருக்கிறது. பெரும்பாலும் ஐடி ஆள், அட்டவணைகளைப் பார்க்கும் SE16N-ஐத் திறந்து, USR02 என்று போட்டு, எக்செல்லாக இறக்கி மெயிலில் அனுப்பிவிடுவார். அந்தக் கோப்பில் சரியாக 500 வரிகள் இருந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். SE16N திரையில் அதிகபட்ச வரிகள் என்ற பெட்டியில் இயல்பாகவே 500 என்று இருக்கும். அதை அழிக்காமல் ஓட்டினால் 501-ஆவது ஆளிலிருந்து யாரும் பட்டியலில் இல்லை. கெட்ட எண்ணம் எதுவும் வேண்டியதில்லை, கவனக்குறைவே போதும். அதனால் எக்செல் மட்டும் போதாது. எந்தச் சிஸ்டம், அதற்குள் கிளையன்ட் எனப்படும் தனிப் பகுதிகளில் எது, என்ன நிபந்தனை, மொத்தம் எத்தனை வரி என்று தெரியும் ஸ்கிரீன்ஷாட்டும் சேர்ந்து வேண்டும். ஐடி ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் இறக்கும்போதே பார்த்துவிடுவது இன்னும் நல்லது. இந்தப் பட்டியல் முழுதாக இல்லையென்றால் இதன் மேல் செய்யும் எந்தச் சோதனைக்கும் மதிப்பில்லை.

அப்புறம், வேலையை விட்டுப் போனவர்கள். போனவர்களின் பட்டியலை ஐடி-யிடம் வாங்கக் கூடாது. ஐடி-யிடம் இருப்பது, யார் போனதாக அவர்களுக்குச் சொல்லப்பட்டதோ அந்தப் பட்டியல். சொல்லாமல் விட்டவர்கள் அதில் வர மாட்டார்கள். சம்பளப் பிரிவிடம், முழுக் கணக்கு முடித்துக் கொடுத்தவர்களின் பட்டியலை வாங்கி USR02-உடன் ஒட்டிப் பார்க்க வேண்டும். அங்கே மூன்று புலங்கள் பேசும். UFLAG என்பதில் 64 இருந்தால் நிர்வாகி முடக்கியிருக்கிறார், 0 என்றால் கணக்கு திறந்தே இருக்கிறது. GLTGB என்பது யூசர் ஐடி செல்லுபடியாகும் கடைசி நாள். TRDAT கடைசியாக உள்ளே வந்த நாள். ஒருவர் ஜூன் 14-இல் வேலையை விட்டார், TRDAT ஜூன் 20 என்று காட்டுகிறது என்றால், அவருடைய ஐடியில் வேறு யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள், அல்லது அவரே வெளியிலிருந்து வந்திருக்கிறார். இரண்டில் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

இன்னொரு இடம் உண்டு. கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது, ஆனால் எப்போது முடக்கினார்கள்? SUIM என்ற யூசர் தகவல் திரையில் யூசர்களுக்கான மாற்ற ஆவணங்களைப் பார்த்தால் நாளும் நேரமும் கிடைக்கும். ஜூனில் போன பதினைந்து பேரையும் ஆடிட் தொடங்குவதற்கு முந்தைய நாள் மாலை ஒரே மூச்சில் முடக்கியிருந்தால், USR02 சுத்தமாகத் தெரியும், இந்த வரலாறு உண்மையைச் சொல்லும்.

சம்பளப் பட்டியலிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. எஸ்ஏபி கன்சல்டன்ட்கள், ஒப்பந்தத்தில் வந்து சிஸ்டத்தைப் பராமரிக்கும் பேசிஸ் ஆட்கள், ஏஜென்சி மூலம் வந்த டேட்டா என்ட்ரி ஆட்கள் அதில் இருக்கவே மாட்டார்கள். சிஸ்டத்தில் அதிக அதிகாரம் வைத்திருப்பவர்களும் இவர்களில்தான் இருப்பார்கள். புராஜெக்ட் முடிந்து கன்சல்டன்ட் போய்விடுவார், அவர் ஐடி இருக்கும். கொள்முதல் பிரிவில் இருக்கும் ஒப்பந்தங்களின் முடிவுத் தேதிகளை வைத்துத்தான் இவர்களைத் தேட வேண்டும்.

அதிகாரம் என்று வரும்போது எல்லா ரோல்களையும் ஒரே அளவில் அலசுவதில் பயனில்லை. நம் 2 சதவீதத்தை யாரால் மாற்ற முடியும், விழுந்த தடையை யாரால் எடுக்க முடியும் என்று கேட்டால் போதும், தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும். SAP_ALL என்ற புரொஃபைல் யாருக்கு இருக்கிறதோ அவரால் எல்லாமே முடியும். MRBR யாருக்கு இருக்கிறது, அவரே பில்லும் ஏற்றுகிறாரா, அவரே சப்ளையரின் வங்கிக் கணக்கையும் மாற்ற முடியுமா என்பது அடுத்தது. மூன்றாவது ஒன்று பலர் கண்ணில் படாதது: S_DEVELOP என்ற அதிகாரத்தில் DEBUG என்ற பொருளுக்கு 02 என்ற செயல். இது உற்பத்திச் சிஸ்டத்தில், அதாவது அன்றாட வேலை நடக்கும் நிஜச் சிஸ்டத்தில், ஒருவரிடம் இருந்தால், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை நிறுத்தி, ஒரு மாறியின் மதிப்பைக் கையால் மாற்றிவிட்டு ஓட விடலாம். தடை விழ வேண்டிய இடத்தில் விழாமல் செய்யலாம். அப்படி மாற்றினால் SM21 என்ற சிஸ்டம் லாகில் ஒரு வரி விழும். ஆனால் அந்த லாக் ஒரு அளவுக்கு மேல் நிரம்பினால் பழைய வரிகள் மேலேயே புதியவை எழுதப்படும். ஜூனில் நடந்ததை ஏப்ரலில் வந்து தேடினால் பல இடங்களில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

கிளையன்ட் 000-ஐயும் விடக் கூடாது. நிறுவனத்தின் கணக்கு இருப்பது 100-இல் என்றால் ஆடிட்டர் 100-ஐ மட்டும் பார்த்துவிட்டுப் போவது நடக்கிறது. ஆனால் எந்த கிளையன்ட்டில் மாற்றம் செய்யலாம், செய்யக் கூடாது என்ற அமைப்பு T000 என்ற அட்டவணையில் இருக்கிறது. அது எல்லா கிளையன்ட்டுக்கும் பொது. 000-இல் SAP_ALL உள்ள ஒருவர் அங்கே இருந்தபடியே 100-ஐத் திறந்துவிட முடியும். SAP*, DDIC போன்ற பிறவி ஐடிகளின் பாஸ்வேர்டு இன்னும் ஊரறிந்த பழைய பாஸ்வேர்டாகவே இருக்கிறதா என்பதை RSUSR003 என்ற அறிக்கை எல்லா கிளையன்ட்டுக்கும் சேர்த்தே சொல்லிவிடும்.

மிகை அதிகாரம் என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் சத்யம் கம்ப்யூட்டர்ஸ். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு மோசடியை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதிய பின் நடந்த விசாரணையில், அந்த நிறுவனத்தின் சொந்த இன்வாய்ஸ் மென்பொருளில் சூப்பர் யூசர் என்ற வழி இருந்தது தெரிய வந்தது. அதன் வழியே 7,561 போலி இன்வாய்ஸ்கள் ஏற்றப்பட்டிருந்தன. அவற்றை மற்றவர்கள் கண்ணில் படாமல் மறைக்கும் குறியும் அந்த மென்பொருளிலேயே இருந்தது. கணக்குப் புத்தகத்துக்கு விற்பனையாகத் தெரிந்தது, அந்தத் திட்டங்களை நடத்தியவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு சூப்பர் யூசர் ஐடி இருந்ததோடு அங்கே விஷயம் முடியவில்லை. மறைப்பதற்கான வசதியை யாரோ நிரலில் எழுதி, அது உற்பத்திச் சிஸ்டத்துக்குள் போயிருக்கிறது. அதிகாரமும் மாற்றமும் தனித்தனி அத்தியாயங்கள் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

என்ன மாறியது, யார் சொல்லி மாறியது

எஸ்ஏபி-யில் மாற்றம் போக வேண்டிய பாதை எளிமையானது. டெவலப்மென்ட் சிஸ்டத்தில் எழுதி, குவாலிட்டியில் சோதித்து, உற்பத்திக்கு ட்ரான்ஸ்போர்ட் என்ற மாற்றத் தொகுப்பாக நகர்த்த வேண்டும். ஒவ்வொரு ட்ரான்ஸ்போர்ட்டுக்கும் DEVK900123 போல ஒரு எண் உண்டு. கேட்டவர் யார், சோதித்த பயனாளி யார், ஒப்புதல் கொடுத்தவர் யார், உற்பத்திக்குள் ஏற்றியவர் யார் என்று நான்கு கேள்விகள். எழுதியவரே ஏற்றக் கூடாது என்பது முக்கியமான விதி.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, மாற்றக் கோரிக்கைகள் பதிவாகும் டிக்கெட் பட்டியலிலிருந்து தொடங்குவது. ஐடி தன் டிக்கெட் மென்பொருளிலிருந்து ஆண்டின் 120 மாற்றங்களைத் தருகிறது. ஆடிட்டர் அதில் 25 எடுத்து, எல்லாவற்றுக்கும் ஒப்புதல் இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார். டிக்கெட் இருக்கும் மாற்றத்துக்கு ஒப்புதலும் இருப்பதில் வியப்பில்லை. டிக்கெட்டே இல்லாமல் போன மாற்றம் அந்தப் பட்டியலில் எப்படி வரும்? அதனால் உற்பத்திச் சிஸ்டத்திலிருந்து தொடங்கி டிக்கெட்டுக்குப் போக வேண்டும். ட்ரான்ஸ்போர்ட்களைக் கையாளும் STMS-இல் உற்பத்திச் சிஸ்டத்தின் இறக்குமதி வரலாற்றை எடுத்தால் எந்த ட்ரான்ஸ்போர்ட் எந்த நாளில் உள்ளே வந்தது என்று தெரியும். E070 அட்டவணையையும் எடுக்கலாம், ஆனால் அதில் உள்ள AS4DATE உள்ளே ஏற்றிய நாள் அல்ல, அந்த ட்ரான்ஸ்போர்ட் கடைசியாகத் தொடப்பட்ட நாள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஒப்புதலுக்கு முன்பே மாற்றம் போய்விட்டது என்று பொய்யான குறையை எழுதியவர்களும் உண்டு.

ட்ரான்ஸ்போர்ட் பாதையைத் தாண்டி இன்னொரு கதவு இருக்கிறது, அதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. SCC4 என்ற கிளையன்ட் அமைப்புத் திரையில் உற்பத்தி கிளையன்ட் மாற்றத்துக்குத் திறந்துவிடப்பட்டால், அமைப்புகளை நேரடியாக அங்கேயே மாற்றலாம். தானாகப் பதிவு செய்யாத நிலையில் திறந்தால் ட்ரான்ஸ்போர்ட் எண் எதுவும் உருவாகாது. STMS-இலும் E070-இலும் தடமே இருக்காது. முடித்துவிட்டு மறுபடி மூடிவிட்டால், மார்ச்சில் வரும் ஆடிட்டர் SCC4-ஐப் பார்க்கும்போது எல்லாம் பூட்டியே இருக்கும்.

SCC4 திரையில் கடைசியாக மாற்றியவர் யார், எந்த நாள் என்று இருக்கும். கடைசி மாற்றம் மட்டும்தான். அதற்கு முன் எத்தனை முறை திறந்து மூடினார்கள் என்பது வேண்டுமென்றால் அட்டவணை மாற்றப் பதிவு வேண்டும். அதற்கு rec/client என்ற அளவுரு உற்பத்தி கிளையன்ட்டுக்கும் 000-க்கும் இயக்கத்தில் இருக்க வேண்டும்; அந்தந்த அட்டவணையிலும் மாற்றத்தைப் பதிவு செய் என்ற குறி SE13-இல் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் SCU3-இல் பழைய மதிப்பு, புதிய மதிப்பு, ஐடி, நேரம் எல்லாம் வரும். சிஸ்டம் மெதுவாகிவிடும் என்று சொல்லி rec/client-ஐ நிறுத்தி வைப்பவர்கள் இருக்கிறார்கள். குறி போட்ட அட்டவணைகளுக்கு மட்டும்தான் பதிவு விழும், அவற்றில் பெரும்பாலானவை ஆண்டுக்குச் சில முறை மட்டுமே மாறும் அமைப்பு அட்டவணைகள். வேகம் குறையும் என்ற வாதத்தை அளந்து காட்டாமல் ஏற்கத் தேவையில்லை.

இப்போது சட்டமும் இதைக் கேட்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு வைக்கும் மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தணிக்கைத் தடம் இருக்க வேண்டும், அதை அணைக்க முடியக் கூடாது. அது ஆண்டு முழுக்க ஓடியதா, யாராவது அதில் கைவைத்தார்களா என்று ஆடிட்டர் 11(g) விதியின் கீழ் எழுத வேண்டும். பல நிறுவனங்கள் இடறுவது டேட்டாபேஸ் மட்டத்தில். எஸ்ஏபி திரை வழியாகப் போனால் தடம் விழுகிறது. ஹானா டேட்டாபேஸுக்குள் நேராக நுழைந்து ஒரு UPDATE கொடுத்தால் எஸ்ஏபி-க்கு அது தெரியவே தெரியாது. டேட்டாபேஸின் சொந்தத் தணிக்கைப் பதிவை இயக்கி வைத்தால்தான் அது பிடிபடும்.

எல்லாம் சேர்ந்து எப்படி வரும் என்று நம் பம்பு நிறுவனத்தில் பார்ப்போம். இது நானே கட்டிய உதாரணம், ஆனால் இதில் வரும் ஒவ்வொரு படியும் நடக்கக்கூடியது.

ஆடிட்டர் மார்ச்சில் வருகிறார். விலை கூடிய ஒரு பில்லை எடுக்கிறார், தடை விழுந்திருக்கிறது. OMR6-இல் விலை வித்தியாசத்துக்கான PP வரம்பு 2 சதவீதம். எல்லாம் சரி. பிறகு SCC4-ஐப் பார்க்கிறார். கிளையன்ட் பூட்டியிருக்கிறது, ஆனால் கடைசி மாற்றம் நவம்பர் 19 என்று இருக்கிறது. நவம்பரில் ஏன் தொட்டார்கள்? SCU3-இல் T000-இன் வரலாற்றை எடுக்கிறார். நவம்பர் 17 மாலை 6.40-க்குத் திறந்திருக்கிறார்கள், 19 காலை 10.05-க்கு மூடியிருக்கிறார்கள். டிக்கெட் கேட்டால் உடனே வருகிறது: அவசரமாக ஒரு வரிக் குறியீடு சேர்க்க வேண்டியிருந்தது, நிதித் தலைவரின் ஒப்புதலும் இருக்கிறது. இங்கே நிறுத்திவிடுவது மிக எளிது.

நிறுத்தாமல், அந்தச் சுமார் 40 மணி நேரத்தில் வேறு எந்த அமைப்பு அட்டவணைகள் மாறின என்று பார்க்கிறார். வரிக் குறியீடு வருகிறது. அதோடு T169G-யும் வருகிறது. பில் சரிபார்ப்பு வரம்புகள் இருக்கும் அட்டவணை அதுதான். 17 மாலை 7.05-க்கு PP வரம்பு 2-லிருந்து 10 ஆகியிருக்கிறது. 19 காலை 9.50-க்கு மறுபடி 2. மாற்றிய ஐடி ஒரு கன்சல்டன்ட்டுடையது. USR02-இல் அது முடக்கப்படவில்லை, GLTGB காலியாக இருக்கிறது. கொள்முதல் பிரிவின் கோப்பில் அவருடைய ஒப்பந்தம் செப்டம்பரிலேயே முடிந்திருக்கிறது.

வேலையை விட்டவர்கள் சோதனையில் சின்னக் குறையாகத் தோன்றியிருக்கக்கூடிய அந்தத் திறந்த ஐடிக்கு இப்போது வேறு எடை. ஆனாலும் இது இன்னும் தவறான கணக்கு அல்ல. தவறு நடக்க வாய்ப்பிருந்த ஒரு சாளரம். நடந்ததா என்று தெரிய, அந்த 39 மணி நேரத்துக்குச் சற்று குறைவான இடைவெளியில் பதிவான எல்லாப் பில்களையும் RBKP, RSEG அட்டவணைகளிலிருந்து எடுத்து, EKPO-வில் உள்ள ஆர்டர் விலையோடு ஒப்பிட வேண்டும். 180 பில்களில் 3 மட்டும் 2 சதவீதத்தைத் தாண்டுகின்றன, மூன்றும் ஒரே சப்ளையர், மூன்றுக்கும் தடை விழவில்லை, மூன்றுக்கும் பணம் போய்விட்டது என்று வந்தால், விஷயம் ஐடி பிரிவின் கையை விட்டு நிர்வாகத்திடமும் ஆடிட் கமிட்டியிடமும் போகிறது. அப்படி ஒரு பில்லும் இல்லை என்று வந்தால் கட்டுப்பாட்டுக் குறை இருந்தது, விளைவு இல்லை என்று எழுதலாம்.

இந்த ஒப்பீட்டில் ஒரு எச்சரிக்கை. EKPO-வில் இருப்பது இன்றைய ஆர்டர் விலை. பில் வந்த பிறகு யாராவது ஆர்டர் விலையையே 106 ஆக்கியிருந்தால் வித்தியாசமே தெரியாது. வரம்பை மாற்றுவதைவிட இது சுலபமான வழி, அதற்கு ஐடி உதவியும் தேவையில்லை. CDHDR, CDPOS மாற்ற ஆவணங்களில் ஆர்டர் விலை எப்போது மாறியது என்று பார்த்து, சரக்கு வரவுக்குப் பின் மாறியவற்றைத் தனியாகப் பிரிக்க வேண்டும்.

rec/client அணைந்திருந்தால் என்ன செய்வது? அப்போது நவம்பர் 19 என்ற ஒரே தேதிதான் கையில் இருக்கும். எத்தனை மணி நேரம், எத்தனை முறை என்று எதுவும் தெரியாது. ஒரு பில்லைச் சோதித்து ஆண்டு முழுவதற்கும் முடிவு சொல்லும் உரிமை அங்கே போய்விடுகிறது. ஆண்டின் நாற்பதாயிரம் பில்களையும் வெளியே எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் மிச்சமுள்ள வழி. கணினியில் அது நடக்கக்கூடிய வேலைதான், ஆனால் அதற்கான நாட்களை யாரும் திட்டத்தில் வைத்திருக்க மாட்டார்கள்.

ஐடி-யில் மொத்தமே மூன்று பேர் இருக்கும் நிறுவனங்களில், எழுதியவர் ஒருவர், ஏற்றியவர் வேறொருவர் என்று பிரிப்பது காகிதத்தில்தான் நடக்கும். அங்கே பிரிக்கச் சொல்லி ஆண்டுதோறும் ஒரே குறையை எழுதிக்கொண்டிருப்பதைவிட, SCU3 பதிவையும் STMS வரலாற்றையும் மாதம் ஒருமுறை ஐடி சாராத ஒருவர், உதாரணமாக நிதிப் பிரிவு மேலாளர், டிக்கெட்டுகளோடு ஒட்டிப் பார்த்துக் கையெழுத்திடச் சொல்வதே பயன் தரும். அவருக்கு T169G என்றால் என்னவென்று ஒருமுறை உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுக்காமல் வாங்கும் கையெழுத்து செல்லாது.

பேக்கப்: பச்சை டிக் போதாது

அதிகாரம், மாற்றம், பேக்கப் என்ற மூன்றில் பேக்கப்பைத்தான் ஆடிட்டர்கள் சீக்கிரம் முடிப்பார்கள். கணக்கு தவறாவதற்கும் பேக்கப்புக்கும் நேரடித் தொடர்பு குறைவு என்பது ஒரு காரணம். சட்டத்தின் தேவையும் சுருக்கமானது: 2022 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பிறகு, மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும். ஹானாவில் அதைப் பார்க்க இவ்வளவு போதும்:

```sql
SELECT SYS_START_TIME, STATE_NAME
FROM M_BACKUP_CATALOG
WHERE ENTRY_TYPE_NAME = 'complete data backup'
ORDER BY SYS_START_TIME DESC;
```

வரும் பட்டியலில் நாள் விடுபட்டிருக்கிறதா, failed என்று இருக்கும் நாட்களில் மறுபடி ஓட்டினார்களா என்று பார்க்கலாம். UTC_START_TIME என்ற புலத்தை எடுத்தால் நம் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும், இரவு பேக்கப்பின் தேதியே மாறித் தெரியும். ஆகவே SYS_START_TIME-ஐ எடுப்பது நல்லது, சர்வரின் நேர மண்டலம் என்னவென்று ஒருமுறை கேட்டுவிட்டு.

ஆனால் successful என்ற சொல், பேக்கப் எழுதப்பட்டது என்று மட்டும்தான் சொல்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் சேமிப்பிடம் காலி. பேக்கப் எடுக்கும் கருவியின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் ஒத்துப்போகாததால் அது தோல்வியடைந்துகொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மெயில்கள் வழியிலேயே நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் தெரியவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன் கையால் எடுத்த ஒரு பிரதி இருந்ததால் மீண்டார்கள். பேக்கப் தோற்றால் யாருக்கு மெயில் போகிறது, கடைசியாக அப்படி ஒரு மெயில் எப்போது வந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஆண்டு முழுக்க ஒன்றுகூட வரவில்லை என்று பெருமையாகச் சொன்னால், மெயில் வழி வேலை செய்கிறதா என்று சோதித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

ரீஸ்டோர் சோதனையைத்தான் உண்மையான சான்றாக நான் எடுத்துக்கொள்வேன். அதையும் எப்படிச் செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். பல இடங்களில் டேட்டாபேஸ் எழுந்து நின்று லாகின் திரை வந்ததும் சோதனை வெற்றி என்று எழுதிவிடுகிறார்கள். கணக்கு ஆளைக் கூப்பிட்டு, அந்த நேரத்துக்கான ட்ரயல் பேலன்ஸை எடுத்து அசலோடு ஒப்பிட்டிருந்தால் அதற்கு எடை உண்டு. முழு பேக்கப்பை மட்டும் ஏற்றிப் பார்த்தார்களா, அதற்குப் பின் நடந்த மாற்றங்களைக் கொண்ட லாக் பேக்கப்களையும் அதன் மேல் ஏற்றினார்களா என்பதும் முக்கியம். ஹானாவில் லாக் பேக்கப் இயல்பாக 15 நிமிடத்துக்கு ஒருமுறையாவது எடுக்கப்படும். 15 நிமிட இழப்புதான் ஆகும் என்று கொள்கையில் எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த லாக் பேக்கப்கள் டேட்டாபேஸ் இருக்கும் அதே சேமிப்பகத்தில் உட்கார்ந்திருந்து, வெளியே போவது இரவில் ஒருமுறைதான் என்றால், சேமிப்பகமே போகும் நாளில் இழப்பு ஒரு முழு வேலைநாள். ரான்சம்வேர் வந்தால் இன்னும் மோசம்: பேக்கப் சர்வரும் அதே டொமைன் நிர்வாகி ஐடியில் திறக்கும் என்றால், உள்ளே வந்தவன் முதலில் அழிப்பது அதைத்தான்.

கணக்குப் பக்கத்திலிருந்து பார்த்தால் ரீஸ்டோரில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, ஐடி-யின் திட்டத்தில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. சிஸ்டம் மாலை 5 மணிக்கு விழுந்தது, காலை 11 மணி நிலைக்குத்தான் மீட்க முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். பிற்பகல் 2 மணிக்கு F110 ஓடி, பணப்பட்டுவாடாக் கோப்பு வங்கிக்குப் போய், சப்ளையர்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. மீட்ட சிஸ்டத்துக்கு அது தெரியாது. அங்கே அந்தப் பில்கள் எல்லாம் இன்னும் கொடுபடாதவை. அடுத்த நாள் F110 ஓட்டினால் அதே பில்களுக்கு மறுபடி பணம் போகும். ஆர்டர், சரக்கு, பில் மூன்றும் பொருந்துகின்றன, வரம்பும் 2 சதவீதம்தான், யாரும் எதையும் மாற்றவில்லை. மூன்று வழி ஒப்பீட்டில் இதைப் பிடிக்க வழியே இல்லை.

அதனால் மீட்புத் திட்டத்தில், சிஸ்டத்தைப் பயனாளிகளுக்குத் திறப்பதற்கு முன் F110-ஐ நிறுத்தி வைக்க வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். வங்கியிலிருந்து அன்றைய பணப்பட்டுவாடாப் பட்டியலை வாங்கி, மீட்ட சிஸ்டத்தில் உள்ள பணப்பட்டுவாடாக்களோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, விடுபட்டவற்றைக் கையால் பதிவு செய்த பிறகே F110-ஐ மறுபடி ஓட விட வேண்டும். ஸ்டோர்ஸ் அன்று பிற்பகல் வாங்கிய சரக்குக்கும் கேட் பதிவேட்டை வைத்து இதே வேலை உண்டு. ரீஸ்டோர் சோதனை அறிக்கையைக் கேட்கும்போது, அதில் டேட்டாபேஸ் எழுந்த நேரத்தோடு இந்த இரண்டு ஒப்பீடுகளும் ஒத்திகை பார்க்கப்பட்டனவா, வங்கிப் பட்டியலைக் கேட்டு வாங்க எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் பார்க்கிறேன்.